கணக்கெடுப்புக் கூலியில் கை வைத்தால் பஞ்சப்படியில் துண்டு விழும்

பஞ்சப்படி எத்தனை புள்ளி ஏறியது, எத்தனை புள்ளி இறங்கியது என்று ஆலை நோட்டீஸ் பலகையில் பார்க்கிறோம். அந்தப் புள்ளி எங்கே பிறக்கிறது? கடைவீதியில் அரிசி, பருப்பு, எண்ணெய், துணி ஆகியவற்றின் விலையைக் குறித்துக்கொண்டு போகிறார்கள். அவற்றை வைத்து ஆலைத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண்ணை லேபர் பீரோ கணக்கிடுகிறது. இவ்வளவு வரை தோழர்கள் பலரும் அறிந்த விஷயம்தான். ஆனால் விலையைக் குறிப்பது பாதி வேலை. அரிசிக்கு எவ்வளவு எடை, வாடகைக்கு எவ்வளவு எடை, பஸ் கட்டணத்துக்கு எவ்வளவு எடை என்று தீர்மானிப்பது மறுபாதி. அந்த எடைகள் தொழிலாளியின் வீட்டுக்குச் சென்று, "போன மாதம் எதற்கு எவ்வளவு செலவழித்தீர்கள்?" என்று கேட்டு எழுதும் குடும்பக் கணக்கெடுப்பிலிருந்துதான் வருகின்றன.

இந்த எடை எவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஒரே ஒரு கணக்கைப் பார்ப்போம். 2001ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட பழைய குறியீட்டில் உணவுக்கு நூற்றுக்கு 46.20 எடை இருந்தது. 2016ஐ அடிப்படையாகக் கொண்டு 2020 அக்டோபரில் வெளியிடப்பட்ட புதிய குறியீட்டில் அது 39.17 ஆகிவிட்டது. உணவுப் பண்டங்களின் விலை மட்டும் பத்து சதவிகிதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய எடைப்படி குறியீடு 4.6 சதவிகிதம் ஏறும். புதிய எடைப்படி 3.9 சதவிகிதம்தான் ஏறும். கடையில் விலை ஒன்றுதான், பஞ்சப்படி வேறு. தொழிலாளி குடும்பத்தில் வைத்தியத்துக்கும் படிப்புக்கும் வாடகைக்கும் செலவு கூடியிருப்பது உண்மை. ஆகவே எடை குறைந்ததே மோசடி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த எடை நமது அடுப்படியில் கேட்டு எழுதிய பதிலிலிருந்து வருகிறது. ஆகவே அதை யார், எப்படி, எந்தக் கூலிக்குக் கேட்டு எழுதினார்கள் என்பது நம்முடைய பிரச்னை.

விவசாயத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். அவர்களுக்கான குறியீட்டெண் 1983ஆம் ஆண்டு எடுத்த செலவுக் கணக்கின் எடைகளை வைத்துக்கொண்டே 2025 வரை ஓடியது. 2019ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை 2025இல்தான் வந்தது. ஒருமுறை தவறாக எழுதிவிட்டால் ஒரு தலைமுறை அந்தத் தவறைச் சுமக்க வேண்டியிருக்கிறது. எனவே கணக்கெடுப்பின் பட்ஜெட்டை அதிகாரிகளின் சொந்த விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பட்ஜெட்டை ஒருமுறை பிரித்துப் பார்ப்போம்.

ஒரு ஊரின் கணக்கு

2016 வரிசைக்காக 88 மையங்களில் 48,384 குடும்பங்களிடம் கணக்கெடுத்தார்கள். சராசரியாக மையத்துக்கு 550 குடும்பம். நாம் கணக்குக்கு வசதியாக ஒரு ஆலை நகரத்தில் 540 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 45 தெருக்கள், தெருவுக்கு 12 குடும்பம். கீழே சொல்லும் கூலியும் விலையும் உதாரணத்துக்காக நாம் வைத்துக்கொண்ட தொகைகள். எந்த இலாகாவின் பட்ஜெட்டும் அல்ல. ஆனால் கணக்குப் போடும் முறை அதுதான்.

தெருவில் கண்ணில் பட்ட 12 வீட்டில் நுழைந்து கேட்டுவிட முடியாது. முதலில் அந்தத் தெருவின் எல்லா வீடுகளையும் பட்டியல் எழுத வேண்டும். பிறகு அந்தப் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்குவது போல 12 வீட்டைப் பொறுக்க வேண்டும். பட்டியல் எழுத தெருவுக்கு ஒரு ஆளுக்கு இரண்டு நாள் ஆகும். பிறகு செலவுக் கணக்கைக் கேட்க வேண்டும். அரிசியில் தொடங்கி சோப்பு, பீடி, மருந்து, கைபேசி ரீசார்ஜ், திருமணத்துக்கு வைத்த மொய் வரை நூற்றுக்கணக்கான கேள்விகள். ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஷிப்ட் முடிந்து ஆள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். ஆகவே ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு குடும்பத்தைத்தான் முடிக்க முடியும்.

ஒன்பது கணக்கெடுப்பாளர்கள் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஐந்து தெரு, அறுபது குடும்பம். அறுபது குடும்பத்துக்கு முப்பது நாள், பட்டியலுக்குப் பத்து நாள், பயிற்சிக்கு ஆறு நாள், பூட்டிய வீடுகளுக்குத் திரும்பப் போக நான்கு நாள். ஆக ஐம்பது நாள். தினக்கூலி 900 ரூபாய் என்றால் ஆளுக்கு 45,000 ரூபாய். ஒன்பது பேருக்கு 4,05,000 ரூபாய். பஸ் செலவுக்குத் தினம் 150 ரூபாய் வீதம் 67,500 ரூபாய்.

மூன்று கணக்கெடுப்பாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் வீதம் மூவர், 55 நாள், தினம் 1,200 ரூபாய். அது 1,98,000 ரூபாய். பத்தில் ஒரு குடும்பத்துக்கு வேறொரு ஆள் போய் மறுவிசாரணை செய்ய 16,800 ரூபாய். பதினான்கு டேப்லட், ஒன்று 12,000 ரூபாய் வீதம் 1,68,000 ரூபாய். அவற்றின் உறைக்கும் பேட்டரிக்கும் 21,000 ரூபாய். கேள்வித்தாளை டேப்லட்டில் ஏற்றிக் கொடுக்க 25,000 ரூபாய். வெள்ளோட்டம் பார்க்க 40,000 ரூபாய். வந்த பதிவுகளைச் சுத்தம் செய்ய ஒருவருக்கு 45 நாள் சம்பளம் 67,500 ரூபாய். எல்லாம் கூட்டினால் 10,08,800 ரூபாய். சுருக்கமாகப் பத்து லட்சம்.

இப்போது மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது: எட்டு லட்சத்துக்குள் முடி! எதை வெட்டுவார்கள்? டேப்லட்டை வெட்டமாட்டார்கள். அது கண்ணுக்குத் தெரியும் சாமான், திறப்பு விழாவில் காட்டலாம். குடும்ப எண்ணிக்கையையும் குறைக்கமாட்டார்கள், ஏனென்றால் அறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சாகும் எண் அது. வெட்டு விழுவது இரண்டு இடத்தில். தினக்கூலியை ஒழித்து உருப்படிக் கூலி ஆக்குவார்கள். வெள்ளோட்டம் தேவையில்லை என்பார்கள்.

உருப்படிக் கூலி செய்யும் வேலை

பூர்த்தியான படிவம் ஒன்றுக்கு 400 ரூபாய் என்று காண்ட்ராக்ட் விடுகிறார்கள். 540 படிவத்துக்கு 2,16,000 ரூபாய். மிச்சம் 1,89,000 ரூபாய். காகிதத்தில் எவ்வளவு அழகான சிக்கனம்!

கணக்கெடுப்பாளரின் பக்கத்திலிருந்து பாருங்கள். அறுபது படிவத்துக்கு அவருக்குக் கிடைப்பது 24,000 ரூபாய். பட்டியல் எழுதிய பத்து நாளுக்குக் கூலி இல்லை. பயிற்சிக்குக் கூலி இல்லை. பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை நடந்ததற்கும் கூலி இல்லை. ஐம்பது நாளும் ஒழுங்காக உழைத்தால் நாளுக்கு 480 ரூபாய்தான். பழைய 900 ரூபாய் விழ வேண்டுமானால் மொத்த வேலையையும் 27 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதில் பட்டியலும் பயிற்சியும் பதினாறு நாளைத் தின்றுவிடும். மீதி பதினோரு நாளில் அறுபது குடும்பம், அதாவது நாளுக்கு ஐந்து ஆறு வீடு. வீட்டுக்கு இரண்டு மணி நேரம் என்றால் பன்னிரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த மனிதனால் ஆகும்?

உருப்படிக் கூலியில் தறி ஓட்டியவருக்கு அடுத்தது என்ன நடக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று நடவைக் குத்தகைக்கு விட்டால் நாற்றின் இடைவெளி அகன்றுபோவது ஏன் என்று வயலில் இறங்கியவருக்குத் தெரியும். ஆள் கெட்டவர் என்பதல்ல. கூலி முறை அப்படிச் செய்ய வைக்கிறது.

கணக்கெடுப்பில் அது நடக்கும் விதம் இது. படிவத்தில் வாசல் கேள்விகள் என்று சில உண்டு. "கடந்த ஏழு நாளில் வீட்டில் யாராவது வெளியே சாப்பிட்டார்களா?" என்பது அப்படி ஒரு கேள்வி. "ஆம்" என்று எழுதினால் யார், எத்தனை வேளை, டீ எத்தனை, பலகாரம் எத்தனை, என்ன விலை என்று பத்துக் கேள்வி திறக்கும். "இல்லை" என்று எழுதினால் பத்தையும் தாண்டிவிடலாம். முதல் வாரம் எல்லாரும் ஒழுங்காகக் கேட்பார்கள். எந்த "ஆம்" எத்தனை நிமிஷம் தின்கிறது என்று இரண்டாம் வாரத்தில் தெரிந்துவிடும். மூன்றாம் வாரத்தில் கேள்வியே "வெளியே ஒன்றும் சாப்பிடவில்லையே?" என்று மாறிவிடும். வீட்டுக்காரருக்கும் வேலை கிடக்கிறது, "இல்லை" என்று தலையாட்டிவிடுவார்.

விளைவு என்ன? ஆலை வாசல் டீக்கடையில் தினம் கொடுத்த காசு கணக்கில் வராமல் போகிறது. வாடகையும் மின்சாரக் கட்டணமும் ஒரே கேள்வி, அவை தவறாமல் பதிவாகும். சில்லறைச் சில்லறையாக உதிரும் சாப்பாட்டுச் செலவுதான் விட்டுப்போகும். உணவின் எடை அந்த அளவு குறையும். 1,89,000 ரூபாய் மிச்சம் பிடித்த சிக்கனத்துக்கு ஆலைத் தொழிலாளி ஒவ்வொரு மாதமும் பஞ்சப்படியில் பணம் கட்டுவான்.

டேப்லட் காவல் காக்குமா?

இதற்கு அதிகாரிகள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். இப்போது எல்லாம் டேப்லட்டில் நடக்கிறது, ஏமாற்ற முடியாது என்கிறார்கள். டேப்லட் நல்ல கருவிதான், அதைப் பழிப்பதற்கில்லை. காகிதப் படிவத்தை அச்சடிக்கும் செலவு போயிற்று. மாதக்கணக்கில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் வேலை போயிற்று. "குடும்பத்தில் நான்கு பேர்" என்று எழுதிவிட்டு ஐந்து பேருக்கு வயது எழுதினால் அங்கேயே தடுத்து நிறுத்தும். தாண்ட வேண்டிய கேள்வியைத் தானே தாண்டும். மென்பொருளுக்குக் கூட அதிகச் செலவில்லை. உலக வங்கி தயாரித்த சர்வே சொல்யூஷன்ஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் டேப்லட் தடுப்பது நடக்கவே முடியாத பதிலைத்தான். நடக்கக்கூடிய பொய்யை அது தடுக்காது. ஐந்து பேர் குடும்பம் மாதம் நாலாயிரம் கிலோ அரிசி தின்றது என்றால் மறுக்கும். வெளியே யாரும் டீ குடிக்கவில்லை என்றால் ஏற்றுக்கொள்ளும். சில சமயம் அதுவே பொய்யை உண்டாக்குவதும் உண்டு. "ஏதாவது ஒரு தொகை எழுதாமல் அடுத்த பக்கம் போகாதே" என்று கட்டளை போட்டு வைத்திருப்பார்கள். வீட்டம்மாளுக்குத் தொகை ஞாபகம் இல்லை. கணக்கெடுப்பாளர் என்ன செய்வார்? நூறு என்று ஒன்றைத் தட்டிவிட்டுப் போவார். "தெரியவில்லை" என்று ஒரு பதிலும் இருக்க வேண்டும் என்பது வெள்ளோட்டம் பார்த்தால்தான் புரியும்.

டேப்லட்டின் உண்மையான உபயோகம் வேறு. எப்போது பேட்டி தொடங்கியது, எப்போது முடிந்தது, எந்த இடத்தில் நின்று எழுதப்பட்டது என்பதை அது குறித்து வைக்கிறது. மாலையில் பதிவுகள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தால் இரவே பார்க்கலாம். இரண்டு மணி நேரப் படிவம் முப்பது நிமிஷத்தில் முடிந்திருக்கிறதா? ஒரே தெருவின் ஐந்து வீடும் டீக்கடை வாசலில் நின்றே எழுதப்பட்டிருக்கின்றனவா? ஒருவரின் முதல் இருபது படிவத்தில் பதினைந்து பேர் வெளியே சாப்பிட்டார்கள், கடைசி இருபதில் மூன்று பேர்தானா? அதே நகரத்தில், அதே வாரத்தில் மற்ற கணக்கெடுப்பாளரிடம் அப்படிக் குறையவில்லையா? இந்த நான்கையும் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். ஆனால் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். பார்த்தபின் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போக மேற்பார்வையாளர் வேண்டும். மேற்பார்வைக்கும் பதிவுச் சுத்தத்துக்கும் பணம் ஒதுக்காமல் டேப்லட் மட்டும் வாங்குவது, காவல்காரன் இல்லாத தோட்டத்துக்கு மணி வாங்கிக் கட்டுவது போலத்தான்.

வெள்ளோட்டம் ஏன்?

மேலே நாம் போட்ட கணக்கு முழுவதும் "வீட்டுக்கு இரண்டு மணி, நாளுக்கு இரண்டு வீடு" என்ற ஒரே எண்ணின் மேல் நிற்கிறது. அந்த எண் எங்கிருந்து வர வேண்டும்? வெள்ளோட்டத்திலிருந்து. தேர்ந்தெடுத்த தெருக்களில் சேராத வேறு இரண்டு தெருவில் முப்பது குடும்பத்தைக் கேட்டுப் பார்த்தால் படிவம் இரண்டு மணி நேரம் எடுக்கிறதா, மூன்று மணி நேரம் எடுக்கிறதா என்பது தெரியும். மூன்று மணி என்றால் ஒன்று கேள்விகளைக் குறைக்க வேண்டும், அல்லது நாட்களைக் கூட்ட வேண்டும். வெள்ளோட்டம் பார்க்காதவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு எண்ணைக் கற்பனை செய்கிறார்கள். அந்தக் கற்பனைக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கெடுப்பாளரின் முதுகில் ஏற்றுகிறார்கள்.

கேள்வியின் கோளாறும் அங்கேதான் தெரியும். "மாத வாடகை எவ்வளவு?" என்று கேட்டால் ஆலைக் குடியிருப்பில் இருப்பவர் "வாடகை இல்லை" என்பார். சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அடுத்த கேள்வியில்தான் வெளிவரும். அடுத்த கேள்வியே இல்லை என்றால்? ரேஷன் அரிசியைப் பணம் கொடுக்காமல் வாங்கியதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? "கடந்த முப்பது நாள்" என்றால் சம்பளத் தேதியிலிருந்தா, இன்றிலிருந்தா? ஒருவர் கிலோவில் சொல்வார், ஒருவர் படியில் சொல்வார், மூன்றாமவர் "வாரம் இருநூறு ரூபாய்க்குக் காய்" என்பார். முப்பது வீட்டில் இந்தச் சிக்கலெல்லாம் நாற்பதாயிரம் ரூபாயில் அவிழ்ந்துவிடும். அவிழ்க்காமல் போனால் ஒன்பது பேரும் ஒன்பது விதமாக அர்த்தம் செய்துகொண்டு 540 வீட்டில் எழுதி வருவார்கள். பிறகு எந்தச் சுத்திகரிப்பாலும் அதைச் சீர்செய்ய முடியாது.

இது புதிய பாடமும் அல்ல. வங்காளத்தில் சணல் பயிரின் பரப்பை அளக்கப் புறப்பட்ட பேராசிரியர் மகலனோபிஸ், 1937இல் சிறு அளவில் சோதனையாகத் தொடங்கி ஆண்டுக்காண்டு பரப்பைப் பெருக்கினார். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு என்று குறித்து வைத்து அடுத்த ஆண்டுத் திட்டம் போட்டார். ஒரே பிரதேசத்தை இரண்டு தனித்தனிக் குழுக்கள் தனித்தனி மாதிரியை வைத்து அளக்கச் செய்து, இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் முறையும் அவருடையதே. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அந்த அனுபவத்தின் மேல்தான் எழுந்தது.

மேற்பார்வையும் சுத்திகரிப்பும்

மேற்பார்வை என்றால் கணக்கெடுப்பாளரை விரட்டுவது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கங்காணித்தனம், மேற்பார்வை அல்ல. மேற்பார்வையாளர் முதல் வாரத்தில் கூடவே உட்கார்ந்து பேட்டியைக் கேட்க வேண்டும். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எழுதிவிடாமல் பார்க்க வேண்டும். ஏனென்றால் பகலில் பூட்டியிருக்கும் வீடு புருஷன் பெண்சாதி இருவரும் வேலைக்குப் போகும் வீடு. அதைத் தள்ளிவிட்டால் நாம் யாரை அளக்க வந்தோமோ அவர்களே விட்டுப்போவார்கள். மறுவிசாரணைக்குப் போகிறவர் படிவம் முழுவதையும் கேட்கத் தேவையில்லை. ஆள் வந்தாரா, எவ்வளவு நேரம் இருந்தார், வீட்டில் எத்தனை பேர், சொந்த வீடா வாடகையா, வெளியே சாப்பிட்டது உண்டா என ஐந்தாறு கேள்வி போதும். ஒரே நாளில் மாறிவிடாத விஷயங்களில் விடை மாறியிருந்தால் அந்த ஆளின் மற்றப் படிவங்களையும் பார்க்க வேண்டும்.

சுத்திகரிப்பு என்ற சொல் இன்னும் ஆபத்தானது. அரிசி 25 கிலோ என்பதை 250 என்று தட்டிவிட்டார் என்றால் திருத்த வேண்டியதுதான். ஆனால் யார் திருத்துவது, எப்போது? மறுநாள் காலையிலேயே கணக்கெடுப்பாளருக்குப் போன் செய்து கேட்டால் "ஆமாம், 25தான்" என்பார், அல்லது "இல்லை, அந்த வீட்டில் கல்யாணம், 250தான் வாங்கினார்கள்" என்பார். கணக்கெடுப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் கேட்க ஆளில்லை. அறையில் இருப்பவர் "இவ்வளவு தின்ன முடியாது" என்று தம் அபிப்பிராயப்படி வெட்டிவிடுவார். சுத்திகரிப்பு ஆளின் 45 நாள் சம்பளம் முதல் பேட்டி நாளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இதனால்தான். அசல் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, நகலில்தான் திருத்த வேண்டும். எதை, ஏன், யார் திருத்தினார்கள் என்று வரிக்கு வரி எழுதி வைக்க வேண்டும்.

இந்த ஏடுகள் இல்லாவிட்டால் வேறொரு ஆபத்தும் உண்டு. 2017-18இல் நாடு முழுவதும் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளை வெளியிடுவதில்லை என்று 2019 நவம்பரில் மத்திய சர்க்கார் அறிவித்தது. பதிவின் தரம் சரியில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அது உண்மைக் காரணமா, சாக்கா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. மறுவிசாரணையின் முடிவும் திருத்த ஏடும் பொதுமக்கள் பார்வைக்கு வந்திருந்தால் இந்த வாதத்துக்கு இடமே இல்லை. தரம் கெட்டதா, எந்த அளவு கெட்டது என்று எவரும் பார்த்துச் சொல்லலாம். ஏடு இல்லாத இடத்தில் ஆட்சியில் இருப்பவர் சொன்னதே தரம்.

அடுத்து 2022 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூலை வரை எடுத்த கணக்கெடுப்பில் டேப்லட் வந்தது. நீண்ட படிவத்தை மூன்றாகப் பிரித்து, ஒரே குடும்பத்துக்கு மூன்று தடவை போய்க் கேட்டார்கள். 2,61,746 குடும்பங்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கேட்டால் சொல்பவரும் களைத்துவிடுவார், எழுதுபவரும் களைத்துவிடுவார் என்பதை இதன்மூலம் ஒப்புக்கொண்டார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் மூன்று தடவை போவதற்கு மூன்று மடங்கு நடை. அந்த நடைக்குக் கூலி உண்டா என்பதில்தான் அந்த மாற்றத்தின் பலன் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் எதை வெட்டுவது?

பணம் உண்மையிலேயே எட்டு லட்சம்தான் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் வழி உண்டு. முந்தைய கணக்கெடுப்பில் வாங்கிய டேப்லட்டுகள் அலமாரியில் கிடக்கும். அவற்றை முப்பதாயிரம் ரூபாயில் பழுதுபார்த்து எடுத்தால் 1,38,000 ரூபாய் மிச்சம். 45 தெருவை 36 ஆக்கி, 540 குடும்பத்தை 432 ஆக்கினால் ஒன்பது தெருவுக்கான 72 ஆள்நாள் கூலியும் பஸ் செலவுமாக 75,600 ரூபாய் குறையும். எட்டு நாள் முன்னதாக முடிவதால் மேற்பார்வையில் 28,800 ரூபாய் குறையும். ஆக 2,42,400 ரூபாய் வெட்டியாயிற்று. ஒருவர் கூலியிலும் கை வைக்கவில்லை. வெள்ளோட்டத்தை விடவில்லை.

குடும்ப எண்ணிக்கை குறைந்தால் விடை கெட்டுவிடாதா? கொஞ்சம் கெடும். மாதிரி எடுப்பதில் தற்செயலாக நேரும் பிழை ஏறக்குறைய 12 சதவிகிதம் கூடும். அதாவது முன்பு ஐந்து ரூபாய் இப்படியோ அப்படியோ இருந்த இடத்தில் இப்போது ஐந்து ரூபாய் அறுபது பைசா. அந்தப் பிழை இரண்டு பக்கமும் சாயும், அதன் அளவையும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். அரைகுறையாகக் கேட்டதால் வரும் பிழை ஒரே பக்கம்தான் சாயும். ஐந்நூறு வீட்டில் கேட்காமல் விட்ட டீச் செலவை ஐயாயிரம் வீட்டுக்குப் போய்க் கேட்காமல் விட்டாலும் அது வந்துவிடாது. குறைந்த வீடு, நிறைந்த கேள்வி — இதுதான் கணக்கறிந்தவர் செய்யும் சிக்கனம்.

எனவே அடுத்த குடும்பக் கணக்கெடுப்பு அறிவிக்கப்படும்போது தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் குறியீட்டெண் வெளியாகும் வரை காத்திருக்கக் கூடாது. கணக்கெடுப்பாளருக்குத் தினக்கூலியா, உருப்படிக் கூலியா? பட்டியலுக்கும் பயிற்சிக்கும் கூலி உண்டா? வெள்ளோட்டத்தில் படிவம் எவ்வளவு நேரம் பிடித்தது? எத்தனை குடும்பத்தில் மறுவிசாரணை, அதன் முடிவு என்ன? திருத்த ஏடு எங்கே? இந்தக் கேள்விகளைக் கணக்கெடுப்பு தொடங்குமுன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

கணக்கெடுப்பாளர் உங்கள் வாசலுக்கு வந்தால் அவரை உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள். அவரும் கூலிக்கு உழைக்கும் ஆள்தான். டீக்கடைக் காசையும் வெற்றிலைக் காசையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லி எழுதச் செய்யுங்கள். அரைமணியில் அவர் எழுந்துவிட்டால் சங்கத்தில் வந்து சொல்லுங்கள். அப்படி இருபது வீட்டிலிருந்து செய்தி வந்தால், அந்தக் கணக்கெடுப்பின் பட்ஜெட்டில் எங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்பதை எந்த அறிக்கையும் வெளிவருவதற்கு முன்னால் நாமே தெரிந்துகொள்ளலாம்.